சென்னையில் இறங்கி மதுரை விமானம் பிடிக்க எவ்வளவு நேரம் விட வேண்டும்?

வெளிநாட்டில் குடியேறியபின் முதல் விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் பலர், சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ தனியாக இன்னொரு டிக்கெட் என்று வாங்குகிறார்கள். விலை குறையும், சரி. ஆனால் இடைவெளியைக் கணக்கிடும்போது இறங்கும் நேரத்தையும் அடுத்த விமானம் கிளம்பும் நேரத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கவுண்டர் மூடும் நேரம். உள்நாட்டு விமானங்களுக்கு அது பொதுவாக, கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்னால்.

காலை 8 மணிக்கு இறங்குகிறீர்கள், மதுரை விமானம் 10.30-க்கு என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது இரண்டரை மணி நேரம் அல்ல, ஒன்றரை மணி நேரம்தான். விமானத்தை விட்டு இறங்கி இமிகிரேஷன் வரிசைக்கு வர 8.20 ஆகிவிடும். அதே நேரத்தில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இன்னொரு விமானம் வந்திருந்தால் முத்திரை வாங்க 9 மணி. மூன்று பெட்டியில் இரண்டு சீக்கிரம் வந்துவிடும், மூன்றாவதுக்காக நின்றால் 9.30. அங்கேயே கதை முடிந்தது. சுங்கச் சோதனை, அடுத்த முனையத்துக்குப் போவது, அங்கே வாசலில் நிற்கும் வரிசை எல்லாம் இன்னும் பாக்கி. இதே கணக்கை 12.15 விமானத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 11.15 வரை நேரம் இருக்கிறது, வரும் விமானம் அரை மணி தாமதமானாலும் சமாளிக்கலாம். தனித்தனி டிக்கெட் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள் என்பதே என் கருத்து.

இந்தியக் கடவுச்சீட்டோ ஓசிஐ அட்டையோ உள்ளவர்கள் இமிகிரேஷன் நேரத்தைக் குறைக்கலாம். ftittp.mha.gov.in தளத்தில் முன்பே பதிவு செய்து, கைரேகையும் கொடுத்து ஒப்புதல் பெற்றவர்களுக்குத் தானியங்கிக் கதவு உண்டு. சென்னையில் இது 2025 ஜனவரியில் வந்தது. ஆனால் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரம் இதனால் குறையாது.

பலரை ஏமாற்றுவது பெட்டியில் ஒட்டிய சீட்டு. ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் சீட்டில் மதுரை என்றே அச்சாகியிருக்கும். அதை நம்பி நேராக வெளியே வந்துவிடாதீர்கள். இந்தியாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைப்பதுதான் வழக்கம். ஏறும் ஊரிலேயே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னாட்டு விமானங்கள் வருவது 2-ஆம் முனையத்துக்கு. உள்நாட்டு விமானங்கள் 1-லிருந்தும் 4-லிருந்தும் கிளம்புகின்றன. உங்களுடையது எது என்று டிக்கெட்டில் பாருங்கள். 1 பக்கத்திலேயே இருக்கிறது. 4 மறுபக்கம், தள்ளுவண்டியோடு நடந்தால் கொஞ்சம் தூரம். வெளியே வந்தவுடன் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். முனையம் மாற டாக்சி தேவையே இல்லை.

வாசலில் சிஐஎஸ்எஃப் காவலர் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார். உங்கள் வெளிநாட்டு சிம் அப்போது வேலை செய்யாமல் போகலாம், இலவச வைஃபைக்கும் ஓடிபி வர வேண்டும். அதனால் டிக்கெட்டை முன்பே போனில் சேமித்துவிடுங்கள். அம்மா அப்பா தனியாக வருகிறார்கள் என்றால் காகிதத்தில் அச்சடித்தே கொடுங்கள்.

அப்புறம் எடை. வெளிநாட்டிலிருந்து 23 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டுவந்திருப்பீர்கள். தனி உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். மீதிக்குக் கவுண்டரில் பணம் கட்டப் போனால் செலவோடு நேரமும் போகும், முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒரே டிக்கெட்டில் இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனி டிக்கெட்டில், நீங்கள் வரவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். அப்படி ஆனால் அன்றைய விமான விலையைப் பார்த்து மலைத்து நிற்க வேண்டாம். எதிரே திரிசூலம் ரயில் நிலையம், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். மதியம் எழும்பூரில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். அதுவும் கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்தில் பேருந்து.

சென்னைக்கு ஒரே விமான நிலையம் என்பதால் இவ்வளவோடு போயிற்று. லண்டன் வழியாக வருபவர்கள் டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறியைப் பார்த்தாக வேண்டும். LHR-இல் இறங்கி LGW-இல் ஏறுவதாக இருந்தால் அவை வேறு வேறு விமான நிலையங்கள், இடையே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெட்டியோடு பிரிட்டன் எல்லைக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டுக்கு அந்த நாட்டு விசாவைப் பற்றியும் டிக்கெட் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.