சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் போதுமா?

சக ஆண்டோடு 78-ஐக் கூட்டு, விக்கிரம ஆண்டிலிருந்து 57-ஐக் கழி, பொது ஆண்டு வந்துவிடும். பள்ளிக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த வாய்ப்பாடு இதுதான். முக்கால்வாசி நேரம் சரியாகவும் வரும். தவறு நடப்பது மீதிக் கால்வாசியில்தான், அதுவும் ஓராண்டுதான் பிசகும் என்பதால் யார் கண்ணிலும் படாது.

அரசியலமைப்புச் சட்டத்தின் இந்தி முகப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். 26 நவம்பர் 1949 என்ற தேதியோடு, மார்கசீர்ஷ மாத வளர்பிறை சப்தமி, விக்கிரம சம்வத் 2006 என்றும் அதில் இருக்கிறது. 2006-இல் 57 போனால் 1949. சரி. இரண்டே மாதம் கழித்து, 26 ஜனவரி 1950 அன்று சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அன்றும் விக்கிரம ஆண்டு 2006-தான், ஏனென்றால் அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை. இப்போது 57-ஐக் கழித்தால் 1949 என்று தவறான விடை கிடைக்கும். 56-ஐத்தான் கழிக்க வேண்டும். சக ஆண்டுக்கும் இதே கதைதான். இரண்டு தேதிகளிலும் சகம் 1871. முதலாவதற்கு 78, இரண்டாவதற்கு 79 கூட்ட வேண்டும்.

ஆக, ஆண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றக் கூடாது, மாதமும் தெரிய வேண்டும். ஆண்டுப் பிறப்பிலிருந்து டிசம்பர் 31 வரை ஒரு எண், ஜனவரி 1 முதல் அடுத்த ஆண்டுப் பிறப்பு வரை இன்னொரு எண். மாதம் தெரியாவிட்டால் "சகம் 1871" என்பதை 1949-50 என்று இரட்டையாக எழுதுவதுதான் நேர்மை.

அந்த ஆண்டுப் பிறப்பு என்றைக்கு? இங்கேதான் சிக்கல் பெருகுகிறது. சக ஆண்டு என்ற ஒரே பெயரில் இன்று குறைந்தது மூன்று வழக்குகள் ஓடுகின்றன. மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நடப்புக்கு வந்த தேசிய நாட்காட்டியில், சைத்ரம் 1 என்பது மார்ச் 22. லீப் ஆண்டில் மட்டும் மார்ச் 21. தெலுங்கு, கன்னட, மராத்திப் பஞ்சாங்கங்களில் சக ஆண்டு யுகாதியன்று மாறும். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் சித்திரை முதல் தேதியன்று மாறும். 2025-ஐப் பார்த்தால், மார்ச் 25 அன்று தேசிய நாட்காட்டி சகம் 1947 என்றது. மற்ற இரண்டிலும் 1946-தான் நடந்துகொண்டிருந்தது. மார்ச் 30 அன்று யுகாதி வந்ததும் தெலுங்குப் பஞ்சாங்கம் 1947-க்குப் போனது. தமிழ்ப் பஞ்சாங்கம் ஏப்ரல் 14 வரை காத்திருந்தது. தேசிய நாட்காட்டியின் சைத்ரத்தை நம் சித்திரை என்று நினைத்துக்கொள்பவர்கள் மூன்று வாரத்துக்கு மேல் தவறுகிறார்கள்.

விக்கிரம ஆண்டில் பிளவு இன்னும் பெரியது. வட இந்தியாவில் அது சைத்ர மாதத்தில் பிறக்கிறது. குஜராத்தில் தீபாவளிக்கு மறுநாள், கார்த்திகை வளர்பிறைப் பிரதமையில் பிறக்கிறது. அதனால் சைத்ரத்திலிருந்து தீபாவளி வரை குஜராத்தின் எண் ஒன்று குறைவாக இருக்கும். 15 ஆகஸ்ட் 1947 வட இந்தியக் கணக்கில் சம்வத் 2004, குஜராத்திக் கணக்கில் 2003. தீபாவளி முதல் அடுத்த சைத்ரம் வரை இரண்டும் ஒத்துப்போகும். முகப்புரையின் தேதி தீபாவளிக்குப் பிறகு வந்ததால் அங்கே குழப்பம் இல்லை. சக ஆண்டுக்கும் விக்கிரம ஆண்டுக்கும் 135 வித்தியாசம் என்று எழுதிவிட்டுப் போவதும் இதனால்தான் ஆபத்து. குஜராத்தி ஆவணத்தில் ஆண்டின் பாதிக்கு மேல் அது 134-தான்.

கல்வெட்டுக்கு வந்தால் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்ளும். எழுதியிருப்பது முடிந்த ஆண்டா, நடக்கும் ஆண்டா? சக ஆண்டைப் பெரும்பாலும் முடிந்த ஆண்டாகவே எண்ணினார்கள். 78 என்ற வாய்ப்பாடு அதற்குத்தான் பொருந்தும். நடப்பு ஆண்டாக எழுதியிருந்தால் முதலில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் 78-ஐக் கூட்ட வேண்டும். தமிழ்க் கல்வெட்டுகளில் "சகாப்தம் இத்தனை மேல் செல்லாநின்ற" என்று வரும். அத்தனை ஆண்டு முடிந்து, அதற்கு மேல் நடக்கிற ஆண்டு என்று பொருள். ஆனால் எல்லாக் கல்வெட்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நல்லவேளையாக, தென்னிந்தியக் கல்வெட்டுகளில் அறுபது ஆண்டுப் பெயரும் கூடவே இருப்பது வழக்கம். முடிந்த சக ஆண்டோடு 12-ஐக் கூட்டி, 60-ஆல் வகுத்து, மீதியைப் பாருங்கள். மீதி 1 என்றால் பிரபவ, 2 என்றால் விபவ, இப்படியே போகும். மீதி இல்லையென்றால் அட்சய. ஒரு கல்வெட்டு வரி "சகாப்தம் 1443, விஷு வருஷம், மாசி மாதம்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1443-உம் 12-உம் சேர்ந்தால் 1455, அதை 60-ஆல் வகுத்தால் மீதி 15. பட்டியலில் பதினைந்தாவது பெயர் விஷு. ஆகவே 1443 என்பது முடிந்த ஆண்டுதான். மாசி என்பதால் 78 போதாது, 79 கூட்ட வேண்டும். விடை 1522, பிப்ரவரி வாக்கில். வெறுமனே 78-ஐக் கூட்டியவர் 1521 என்று எழுதியிருப்பார்.

பெயர் விஷு என்றில்லாமல் விக்கிரம என்று இருந்திருந்தால்? அது பதினான்காவது பெயர், 1442-க்கு உரியது. அப்படியானால் 1443-ஐ நடப்பு ஆண்டாக எழுதியிருக்கிறார்கள், மாசி 1521-இல் விழும். அல்லது வெட்டியவரோ படித்தவரோ ஓர் எழுத்தில் பிசகியிருக்கலாம். பிறை நாளும் கிழமையும் இருந்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். (இந்த விக்கிரம வருஷம் அறுபதில் ஒன்று. விக்கிரம சம்வத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.) இந்தச் சோதனை தென்னிந்தியச் சுழற்சிக்கு மட்டும்தான். வட இந்தியாவில் வியாழனின் நகர்வை ஒட்டி எண்ணுவதால் பெயர்கள் ஒத்துவராது.

அப்புறம், இன்றைய தமிழ் மாத எல்லைகளை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 1582-க்கு முந்தைய தேதிகளை வரலாற்று நூல்கள், இன்றைய ஆங்கில நாட்காட்டிக்கு முன் ஐரோப்பாவில் வழங்கிய ஜூலியன் கணக்கில் தருகின்றன. அந்தக் கணக்கில் 1521-இன் சித்திரை மாதம் ஏப்ரல் 14-இல் பிறக்கவில்லை, மார்ச் 27, 28 வாக்கில் பிறந்தது. தை மாதமும் டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே அந்தக் கல்வெட்டில் மாசிக்குப் பதில் தை முதல் தேதி இருந்திருந்தால், இன்றைய பொங்கலை நினைத்து 79-ஐக் கூட்டக் கூடாது. 78-தான், ஆண்டு 1521.