ரிவ்யூவர் கமெண்டுக்கு பதில் எழுதுறது எப்படி: ஒரு நிக்கல் கேட்டலிஸ்ட் உதாரணம்

மேஜர் ரிவிஷன் வந்ததும் உடனே பதில் எழுத உக்காராதீங்க, முதல்ல கமெண்ட்ட உடைங்க. ஒரே பாராவுக்குள்ள ரெண்டு மூணு கேள்வி இருக்கும், ஒண்ண விட்டுட்டு அனுப்பினா அடுத்த ரவுண்ட்ல அதே கேள்வி இன்னும் காரமா வரும் (எனக்கு வந்துச்சு).

நம்ம உதாரணம் ட்ரை ரிஃபார்மிங், அதாவது மீத்தேனையும் CO2வையும் சின்காஸா மாத்துறது. அலுமினா மேல 10% நிக்கல், 700 டிகிரி. ரிவ்யூவர் சொல்றது இதான்: "கேட்டலிஸ்ட் ரொம்ப மெதுவா தான் சாகுதுங்கிறத நம்ப முடியல, கோக் தான் காரணம்ங்கிறதுக்கும் ஆதாரம் பத்தல." கோக்னா கேட்டலிஸ்ட் மேல படியுற கார்பன். இந்த கமெண்ட்ட 1.1, 1.2ன்னு பிரிச்சுக்கோங்க.

1.1 மெதுவா சாகுதா?

இங்க ரிவ்யூவர் சொல்றது தான் சரி. 100 மில்லிகிராம் போட்டு ஓட்டியிருக்கோம், ஆனா முன்னாடி இருக்கற ஒரு பகுதிலயே ரியாக்‌ஷன் ஈக்விலிப்ரியத்த தொட்டுடுச்சுன்னா மிச்சம் எல்லாம் சும்மா தான் இருக்கும், முன்னாடி இருக்கறது செத்தா பின்னாடி இருக்கறது வேலைய எடுத்துக்கும், கிராஃப் மட்டும் நேர்கோடா போகும். வாதாடாம 20 மில்லிகிராம சிலிக்கான் கார்பைடோட கலந்து அதே கேஸ் ஃப்ளோல திரும்ப ஓட்டுங்க. இப்ப கன்வெர்ஷன் 45%ல ஆரம்பிச்சு 20 மணி நேரத்துல 30%க்கு இறங்குதுன்னு வைங்க. அந்த கிராஃப்ல ஈக்விலிப்ரியம் கோட்டையும் போட்டுட்டு, "மெதுவா"ங்கிற வார்த்தைய அப்ஸ்ட்ராக்ட்லயும் சேத்து எடுத்துடுங்க.

1.2 கோக் தான் காரணமா?

சூடாக்கிக்கிட்டே எடை பாக்குற டிஜிஏ டெஸ்ட்ல எடை 9.3% குறைஞ்சுது, அதனால கோக் 9.3%ன்னு எழுதியிருந்தோம். அது தப்பு, ஏன்னா காத்துல சூடாக்கும்போது கோக் எரிஞ்சு எடை குறையுற அதே நேரம் நிக்கல் NiO ஆகி எடை ஏறும், நிக்கலோட எடைல 27% அளவுக்கு. கேட்டலிஸ்ட்ல நிக்கல் 10% தான், அதனால கோக் போக மிச்ச எடை 2.73% ஏறும். நிக்கல் முழுசா மெட்டலா இருந்துச்சுன்னு எடுத்துக்கிட்டா கணக்கு இது, x தான் கோக்:

```
100 - 9.3 = (100 - x) × 1.0273
x = 11.7
```

சரி, கோக் இருக்கு, ஆனா அது தான் கொன்னுச்சா? கோக்க நீர்த்த ஆக்சிஜன்ல மெதுவா எரிச்சுட்டு (வேகமா எரிச்சா அந்த சூட்டுலயே நிக்கல் துகள் பெருசாகி டெஸ்ட்டே கெட்டுடும்) திரும்ப ரெட்யூஸ் பண்ணி ஓட்டுங்க. 30%ல இருந்து 38% தான் வந்துச்சுன்னா, போன 15 பாயிண்ட்ல 8 தான் திரும்புச்சு. மிச்சத்துக்கு சிண்டரிங்க, அதாவது சூட்டுல நிக்கல் துகள் ஒண்ணு சேர்ந்து பெருசாகுறத, சந்தேகப்படணும், அதனால புதுசா ரெட்யூஸ் பண்ணதுக்கும் யூஸ் பண்ணதுக்கும் எக்ஸ்ஆர்டி எடுத்து நிக்கல் பீக் ஒல்லியாயிருக்கான்னு பாருங்க, ஒல்லியாயிருந்தா கிரிஸ்டல் பெருசாயிடுச்சு.

இப்ப தான் பதில் எழுதணும், கமெண்ட்ட அப்படியே காப்பி பண்ணி அதுக்கு கீழ:

"ஒத்துக்கறோம். ரீஜெனரேஷன்ல ஆக்டிவிட்டி முழுசா திரும்பல, நிக்கல் கிரிஸ்டலும் வளர்ந்திருக்கு. அதனால 'கோக் தான் காரணம்'ங்கிறத 'கோக்கும் சிண்டரிங்கும் சேர்ந்து'ன்னு மாத்தியிருக்கோம். கோக் அளவையும் 11.7%ன்னு திருத்தியிருக்கோம். பக்கம் 9, வரி 14–22."

எட்டு பாயிண்ட் கோக், ஏழு பாயிண்ட் சிண்டரிங்னு பங்கு மட்டும் பிரிச்சுடாதீங்க, எரிக்கும்போதே கொஞ்சம் சிண்டர் ஆகியிருக்கலாம்னு அதே ரிவ்யூவர் அடுத்த ரவுண்ட்ல கேப்பார்.