கிரியேட்டினின் 1.4: ‘கொஞ்சம்தானே கூடியிருக்கு’ என்று விட்டால்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. அதில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ எல்லையோடு தங்கள் எண்ணை ஒப்பிடுகிறார்கள். உண்மையில் ஒப்பிட வேண்டியது, நன்றாக இருந்த நாட்களில் அவரவருக்கு வந்துகொண்டிருந்த எண்ணோடு.

எப்படி நடக்கும் என்று புரிவதற்காக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். 38 வயதுத் தையல்காரர். அம்மா கொடுத்த சிறுநீரகம். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ஐந்து மாதமாக 1.1-ஐ விட்டு நகரவில்லை. ஒரு மாதம் 1.4 வந்தது. லேபின் எல்லை 1.3 என்பதால், கொஞ்சம்தானே, தண்ணீர் குறைவாகக் குடித்திருப்போம் என்று விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து 1.9.

1.1 இருந்தவருக்கு 1.4 என்பது கால் பங்குக்கும் மேலான ஏற்றம். அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்திருக்க வேண்டும். அவருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் வழக்கம்போலப் போனது. அதை நம்பியதுதான் ஏமாற்றியது. பொருத்திய சிறுநீரகத்தை உடலே அந்நியமாக நினைத்துத் தாக்குவதுதான் நிராகரிப்பு. இன்றைய மருந்துகளின் கீழ் அது பெரும்பாலும் சத்தமே இல்லாமல்தான் வருகிறது. பலருக்கு அந்த எண் ஒன்றுதான் அடையாளம்.

காரணம் பின்னால் தெரிந்தது. நிராகரிப்பைத் தடுக்கத் தினமும் போடும் டாக்ரோலிமஸ் சிலருக்குக் கை நடுக்கம் தரும். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று, யாரிடமும் சொல்லாமல் மாலை மாத்திரையை நிறுத்திவிட்டார். நடுக்கத்தைச் சொல்லியிருந்தால், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து டோஸைத் திருத்தலாம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். சொன்னால் திட்டுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறைத்தால் டாக்டருக்குத் துப்பே கிடைக்காது.

அடுத்த தவறு இன்னும் ஆபத்தானது. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனார். அளவு 11 என்று வந்தது. மருந்து அதிகமாகித்தான் கிரியேட்டினின் ஏறுகிறது என்று தோன்றும். அதை நம்பி டோஸை இன்னும் குறைத்துவிடவும் கூடும். காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்தபோது வந்தது 3. இந்தக் கட்டத்தில் இருப்பவருக்கு இது குறைவு. காலையும் மாலையும் போடும் வகை என்றால், முந்தின டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மாத்திரை போட வேண்டும்.

சரி, மருந்து குறைவு என்று தெரிந்துவிட்டது, நேராக ஸ்டீராய்டு கொடுத்துவிடலாமே? சிறுநீரகத்தில் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்குப் பயந்து பலரும் கேட்பது இதுதான். பி.கே. வைரஸ் சிறுநீரகத்தைத் தாக்கினாலும் கிரியேட்டினின் இப்படியே ஏறும். அதற்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். நிராகரிப்புக்குக் கூட்ட வேண்டும். இரண்டும் எதிரெதிர் திசை. அதனால் நீர் வற்றல், சிறுநீர்த் தொற்று, அடைப்பு ஆகியவற்றைச் சோதித்துவிட்டு பயாப்சிக்குப் போகிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றில், தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஸ்கேனில் பார்த்தபடி மரத்துப்போகும் ஊசி போட்டு மெல்லிய துண்டு எடுக்கலாம். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ரத்தக்கசிவு ஏற்படலாம்.

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘பான்ஃப் 1பி’ என்று இருந்தது. 1991-இல் நோயியல் நிபுணர்கள் கூடி நிராகரிப்பைத் தரம் பிரிக்கும் இந்த அளவுகோலை வகுத்த கனடா நாட்டு ஊரின் பெயர் பான்ஃப். இதைப் புற்றுநோய் ஸ்டேஜ் மாதிரி படித்துக் கலங்க வேண்டாம். எதிர்ப்புச் சக்தியின் டி செல்கள் செய்யும் நிராகரிப்பில் 1ஏ, 1பி என்றால் தாக்குதல் சிறுநீரக நுண்குழாய்களிலும் அவற்றின் இடைப்பகுதியிலும் இருக்கிறது. 1பி-யில் குழாய்களின் பாதிப்பு கடுமை. 2 என்றால் தமனிகளின் உட்சுவருக்கும் பரவியிருக்கிறது. 3-இல் தமனிச் சுவரின் முழுத் தடிமனும் பாதிக்கப்பட்டிருக்கும். எதிர்ப்புரதத்தால் வரும் நிராகரிப்பு தனி வகை. அதற்குப் பிளாஸ்மா மாற்றமும் இம்யூனோகுளோபுலினும் கொடுப்பது வழக்கம், பலன் அத்தனை உறுதியில்லை.

இவருக்கு மீத்தைல்பிரெட்னிசோலோன் தினம் 500 மில்லிகிராம், மூன்று நாள் நரம்பு வழியாக ஏற்றினார்கள். டாக்ரோலிமஸும் சரியான அளவுக்கு வந்தது. ஒரு வாரத்துக்குள் கிரியேட்டினின் இறங்கத் தொடங்காவிட்டாலோ, தொடக்கத்திலேயே தரம் 2-ஆக இருந்தாலோ ஏ.டி.ஜி. என்ற வலுவான மருந்துக்குப் போவார்கள். இவருக்கு 1.9, 1.6 என்று இறங்கி 1.3-இல் நின்றது.

ஊசி முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது கடைசித் தவறு. அடுத்த சில வாரங்களில் சர்க்கரை ஏறும், தொற்றும் எளிதில் பிடிக்கும். தொற்றைத் தடுக்க மீண்டும் தொடங்கும் மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது; காய்ச்சல் கண்டால் அன்றே போக வேண்டும். இவருடைய நோட்டில் பழைய 1.1-க்குக் கீழே இனி 1.3 என்று எழுத வேண்டும். அடுத்த முறை 1.6 வந்தால் அந்த 1.3-ஓடுதான் ஒப்பிட வேண்டும்.