ஹோம் விசிட் கேள்வியில் மதிப்பெண் போகும் இடங்கள்

சமுதாய நலச் செவிலியர் பாடத்தில் ஹோம் விசிட், குடும்பநலப் பதிவேடு, பள்ளிநலத் திட்டம் மூன்றும் தனித்தனி அலகுகளாக இருக்கின்றன. மாணவிகளும் தனித்தனியாகவே படிக்கிறார்கள். ஆனால் தேர்வில் வரும் சூழல் கேள்வியில் மூன்றும் ஒரே வீட்டுக்குள் இருக்கும். நான் திருத்திய விடைத்தாள்களில் தவறுகள் அதிகம் விழுவது அங்கேதான். அதனால் கேள்வியில் வருவது போன்ற ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம்.

வியாசர்பாடியில் மூன்று குடித்தனங்கள் உள்ள ஒரு வீடு. முன் போர்ஷனில் ஒரு அம்மா, அவருடைய மூத்த மகள், ஏழாம் வகுப்பு படிக்கும் இளைய மகள். மூத்தவளுக்கு மார்ச் 3 அன்று சிசேரியனில் குழந்தை பிறந்து, மார்ச் 8 அன்று தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். புகுந்த வீடு ஆவடி. பின் போர்ஷனில் காசநோய்க்கு மருந்து சாப்பிடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது? பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை முடித்துவிட்டு உள்ளே போகலாம் என்று எழுதுகிறார்கள். வரிசை அதற்கு நேர் எதிர். பச்சிளங்குழந்தையும் பிரசவித்த தாயும் முதலில், தொற்றுநோய் உள்ளவர் கடைசியில். ஒரே வீடாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது.

அடுத்தது நாள் கணக்கு. வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பார்க்க வேண்டும். வீட்டிலேயே பிறந்திருந்தால் முதல் நாளும் சேரும். இதை எல்லாரும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். தவறு எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் நடக்கிறது. வீட்டுக்கு வந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணினால் மார்ச் 10தான் ‘மூன்றாம் நாள்’ என்று வரும். பிறந்த மார்ச் 3தான் முதல் நாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிட்டது. ஆகவே முதல் விசிட் ஏழாம் நாளான மார்ச் 9 அன்று. பிறகு 16, 23, 30, கடைசியாக ஏப்ரல் 13. சிசேரியன் என்றால் ஐந்து விசிட் என்று சொல்வது இதனால்தான்.

விசிட் பையைச் சுத்தமாகக் கையாளும் பேக் டெக்னிக்கில் படிகளை வரிசையாக எழுதிவிடுகிறார்கள், ஆனால் செய்து காட்டும்போது கை தடுமாறும். பையைத் திறந்ததும் தெர்மாமீட்டர்தான் வெளியே வரும், அப்புறம்தான் சோப்பு ஞாபகத்துக்கு வரும். செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைக்க வேண்டும். சோப்பும் துண்டும் மட்டும் எடுத்துக் கையைக் கழுவ வேண்டும். மற்ற சாமான்களைத் தொடுவது அதற்குப் பிறகுதான். தேவையானதை எல்லாம் ஒரே தடவையில் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். குழந்தையைத் தொட்ட கையால் பஞ்சுக்காகத் திரும்பப் பையைத் துழாவினால், கை கழுவியதில் அர்த்தமே இல்லை. சின்ன வீட்டில் மேசை இருக்காது, தரையில்தான் காகிதத்தை விரிக்க வேண்டியிருக்கும். அதில் தவறில்லை. கிளம்பும்போது தரையில் பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

குழந்தையின் மூச்சை எண்ணுவதிலும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிவிடுவார்கள். பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. சற்று வேகமாகப் போகும், நிற்கிற மாதிரி தோன்றும், மறுபடி வேகமெடுக்கும். முழு ஒரு நிமிடம் எண்ணித்தான் ஆக வேண்டும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ண வேண்டும். இரண்டாம் முறையும் அப்படியே வந்தால்தான் வேகமூச்சு என்று எடுத்துக்கொண்டு உடனே அனுப்ப வேண்டும்.

இனி பதிவேடு. ஒரு கதவு எண்ணுக்கு ஒரு ஃபேமிலி ஃபோல்டர் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. யார் யார் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்களோ அவர்கள் ஒரு குடும்பம். இந்த வீட்டில் மூன்று அடுப்பு, அதனால் மூன்று ஃபோல்டர். மூத்தவள் இங்கே தங்க வந்தவள், அவளுடைய குடும்பப் பதிவு ஆவடியில் இருக்கிறது. இங்கே அவளை நிரந்தர உறுப்பினராகச் சேர்த்துவிட்டால் ஒரே தாய் இரண்டு இடத்தில் எண்ணப்படுவாள். தற்காலிகமாகத் தங்கியிருப்பவர் என்று குறித்து, அவளுடைய கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணையும் எழுதிவைத்தால் இரண்டு பதிவுகளும் அதே தாயுடையவை என்று தெரியும்.

எழுதும் விதத்திலும் நிறைய இருக்கிறது. ‘குழந்தை எடை 2.7 கிலோ’ என்று மட்டும் எழுதினால் அடுத்து வரும் நர்ஸுக்கு ஒன்றும் புரியாது. ‘பிறந்தபோது 2.9, ஏழாம் நாள் 2.7’ என்று எழுதினால்தான் கணக்குத் தெரியும். எடை குறைந்திருப்பது 200 கிராம், அதாவது சுமார் ஏழு சதவீதம். முதல் வாரத்தில் பத்து சதவீதம் வரை எடை குறைவதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொள்வார்கள். பால் எப்படிக் குடிக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, 14ஆம் நாள் விசிட்டில் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்று கவனிக்க வேண்டும். பழைய எடை தாளில் இல்லாவிட்டால் அந்த நாளில் எதனோடு ஒப்பிடுவது?

‘குடும்பத்தார் ஒத்துழைக்கவில்லை’ என்ற வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். அது நம்முடைய அபிப்பிராயம், நாம் கண்டது அல்ல. ‘இரண்டு முறையும் காலை 11 மணிக்குப் போனேன், அம்மாவைப் பார்க்க முடியவில்லை. அவர் வீட்டு வேலைக்குப் போய் மாலை 3 மணிக்குத் திரும்புகிறார்’ என்று எழுதினால், அடுத்த முறை எத்தனை மணிக்குப் போவது என்பது அந்த வரியிலேயே கிடைத்துவிடும்.

இப்போது இளைய மகள். பள்ளியில் பார்வைப் பரிசோதனை செய்த செவிலியர் மாணவி, வகுப்பறை சிறியது என்பதால் நாலு மீட்டரிலேயே நிற்க வைத்துவிட்டாள். சிறுமி 12 என்று குறித்த வரி வரை படித்தாள், 6/12 என்று எழுதியாயிற்று. மேலே எழுத வேண்டியது நின்ற தூரம். நாலு மீட்டரில் 12 என்று குறித்த வரி என்றால் அது 4/12, அதாவது 6/18. பார்வைக் குறை உண்மையைவிட லேசாகப் பதிவாகிவிட்டது. வகுப்பறையில் இடம் போதாவிட்டால் வராந்தாவில் டேப் வைத்து ஆறு மீட்டர் அளந்துகொள்ளலாம். ஒவ்வொரு கண்ணையும் தனியாகப் பார்க்க வேண்டும். மற்ற கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூட வேண்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள், குழந்தைகள் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள்.

அடுத்து, இவளை எங்கே அனுப்புவது? குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமான ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் 2013இல் தொடங்கியது, பிறப்பு முதல் 18 வயது வரை என்று படித்திருப்பதால், எந்தப் பிள்ளைக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்றே எழுதிவிடுகிறார்கள். அந்த மையம் முக்கியமாக ஆறு வயது வரை உள்ளவர்களுக்கு. இவளுக்கு 12 வயது, அரசு ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்கு அனுப்பினால் சரி. அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும்தான் வரும். அதனால் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு நின்றுவிட்டால், இவள் கண்ணாடி போட்டாளா என்று பள்ளியில் கேட்க அடுத்த வருடம்தான் ஆள் வரும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இதே வீட்டுக்கு நாம் மார்ச் 16 அன்று எப்படியும் போகிறோம். பள்ளியில் கொடுத்த சீட்டின் விவரம் முன் போர்ஷன் ஃபோல்டரில், இளையவளின் பக்கத்தில் ஏறியிருக்க வேண்டும். அனுப்பிய தேதி, கண் பிரிவில் பார்த்த தேதி, கண்ணாடி கிடைத்த தேதி என மூன்று கட்டங்கள். முதல் கட்டம் மட்டும் நிரம்பியிருந்தால், குழந்தையின் எடையைப் பார்த்து முடித்ததும் அம்மாவிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அதுதான். அவர் 3 மணிக்குத்தான் வருவார், சிறுமி பள்ளி விட்டு வர 4 ஆகும். அன்றைய விசிட்டை 4 மணிக்கு வைத்துக்கொண்டால் இரண்டு பேரையும் வீட்டிலேயே பார்க்கலாம். பின் போர்ஷன் பெரியவரைப் பார்ப்பது அதற்கும் பிறகு.