பேக்கரி நோட்டீஸ் சரியான விதம்

தூத்துக்குடி பேக்கரி ஒன்றின் மக்ரூன் நோட்டீஸ் என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. ‘அமுதச் சுவையின் அரண்மனை’ என்று தொடங்கி அரைப் பக்கம் ஓடியது. படித்தவர்கள் போன் போட்டு, “மக்ரூன் இருக்கா?” என்று கேட்டார்களாம். அடைமொழிகளை வெட்டினேன், வரிகளை மாற்றி அடுக்கினேன். அப்போதும் அது எந்தக் கடைக்கும் பொருந்தியது.

அப்புறம் கல்லா அருகே நின்று, கடைக்கார அம்மா பேசுவதை அப்படியே குறித்துக்கொண்டேன். மக்ரூன் வாங்கும் ஒவ்வொருவரிடமும் கேட்காமலே சொன்னார்: “டப்பாவை இறுக்கி மூடுங்க தம்பி, ஈரக்காத்து பட்டா நமத்துப்போகும்.” முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்ந்த பண்டம், சர்க்கரை ஈரத்தை இழுக்கும். நோட்டீஸில் இது இல்லவே இல்லை.

அதையே முதல் வரியாக்கி, கீழே மூன்று சேர்மானங்களையும் விலையையும் போட்டேன். மீதியெல்லாம் வெட்டு. வாசித்துக் காட்டியதும், பெண்களும் வாங்குகிறார்களே என்று ‘தம்பி’யை மட்டும் எடுக்கச் சொன்னார். அச்சுக்குப் போய்விட்டது, நிம்மதி.