மூணு வாரமா 80 சதவீதத்துலயே நின்ன ஸ்டேட்டஸ் மெயில்

பழைய பில்லிங் சிஸ்டத்துலருந்து புதுசுக்கு டேட்டா மாத்துற வேலை, வெள்ளிக்கிழமை ஆனா கிளையன்ட்டோட ஃபைனான்ஸ் மேனேஜருக்கு நான் ஸ்டேட்டஸ் மெயில் போடணும். மூணு வாரம் 80%, 82%, 83%னு போச்சு. ஒவ்வொரு திங்கக்கிழமையும் "நெஜமா எங்க நிக்குது?"னு போன்.

மொதல்ல பண்ணின வேலையெல்லாம் நீளமா எழுதினேன், அவர் படிக்கவே இல்ல. அப்புறம் "சிறு தாமதம்"னு பூசி மெழுகினேன், அன்னிக்கே எங்க மேனேஜருக்கு போன் போயிருச்சு.

பழைய மெயிலெல்லாம் வரிசையா திறந்து பாத்தப்பதான் புடிபட்டுச்சு, முடியுற தேதிய ஒவ்வொரு தடவையும் அழிச்சுட்டு புதுசு போட்டிருக்கேன், அவருக்கு பழைய தேதி நல்லா ஞாபகம் இருக்கு. சதவீதம் வேற நம்ம குத்துமதிப்புதான்.

அடுத்த மெயில் இப்படி போச்சு:

"42 டேபிள்ல 31 உங்க டீம் சரிபாத்து ஓகே பண்ணியாச்சு, போன வாரம் 30. இந்த வாரம் 5 முடிப்போம்னு சொன்னோம், 1தான் முடிஞ்சுது. காரணம், பழைய ரசீதுகள்ல ஒரே நம்பர் ரெண்டு தடவை வருது. முடியுற தேதி: முதல்ல ஜூன் 14, அப்புறம் ஜூன் 28, இப்ப ஜூலை 12. எந்த ரசீத வச்சுக்கணும்னு புதன்கிழமைக்குள்ள நீங்க சொல்லணும்."

வருத்தம், கடும் உழைப்பு எதுவும் எழுதல. திங்கக்கிழமை போன் வரல, செவ்வாய்க்கிழமையே ரசீது முடிவு வந்துருச்சு, அப்பாடா.