தோற்ற பிறகு கை கொடுப்பது: வாலிபால் பையன்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு டோர்னமென்டில் தோற்ற அணி வலைப்பக்கமே வராமல் நேராக ஸ்கோர் மேசைக்கு ஓடியது. கேப்டன் பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். அவனைப் பார்த்தபோது கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, அந்த வயதில் இருந்த என் மேல். எச்சில் துப்பாதே, கெட்ட வார்த்தை பேசாதே என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். நான் அதைத் தாண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு முன்பே முறைப்பது

வலையோரம் கை கொடுக்கும்போது விரலை நசுக்குவது, "இன்னைக்கு பாரு" என்பது எல்லாம் சிலருக்கு வீரம். மேட்ச் தொடங்கும் முன் நடக்கும் தவறான நடத்தைக்கும் ரெஃப்ரி கார்டு காட்டலாம். அதன் தண்டனை முதல் செட்டில் வந்து சேரும். சிவப்பு கார்டு என்றால் எதிரணிக்கு ஒரு புள்ளி. ஒரு பந்துகூட ஆடாமல் 0-1.

எதிர்ப்பைக் கைகுலுக்கலில் காட்டுவது

என்னால் இன்னும் மறக்க முடியாத தவறு இதுதான்.

நான் கேப்டன். ஐந்தாவது செட், 12-13. எங்கள் பையன் சர்வீஸ் போட்டதும் விசில். சுழற்சித் தவறு, வேறு ஆள் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். புள்ளியும் சர்வீஸும் அந்தப் பக்கம் போய் 12-14 ஆனது. எங்கள் வரிசை சரி என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன்? தலையில் கை வைத்தேன், சிரித்தேன், கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தேன். ரெஃப்ரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த புள்ளியில் மேட்ச் முடிந்தது. உடனே "யாரும் கை கொடுக்கக் கூடாது" என்று அணியை இழுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

ஸ்கோர் தாளைப் பார்த்தால் நான் நினைத்தது சரி. ஐந்தாவது செட்டில் 8 புள்ளியில் பக்கம் மாறும்போது, ஒரு அணியின் விவரத்தைத் தாளில் வேறு கட்டத்துக்கு மாற்றி எழுத வேண்டும். அங்கேதான் எழுதுபவர் எங்கள் வரிசையைத் தவறாக எழுதியிருந்தார். ஆனால் ரெஃப்ரி கேட்டது ஒரே கேள்வி: "அப்பவே ஏன் சொல்லலை?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விதி இப்படித்தான்: விதியைப் பயன்படுத்தியதில் தவறு என்று தோன்றினால், களத்தில் இருக்கும் கேப்டன் உடனே ரெஃப்ரியிடம் விளக்கம் கேட்க வேண்டும். கோச் போய்க் கேட்க முடியாது. விளக்கம் திருப்தி இல்லையென்றால், முடிவில் எதிர்ப்பைப் பதிவு செய்வேன் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு ஆட வேண்டியதுதான். மேட்ச் முடிந்ததும் எல்லைக்கோட்டில் வரிசையாக நின்று, வலைக்கு வந்து எதிரணிக்குக் கை கொடுத்து, ரெஃப்ரிக்கு நன்றி சொல்லி, அப்புறம் தாளில் எதிர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா, கையில் பட்டதா என்பது ரெஃப்ரியின் கண் பார்த்துச் சொல்வது. அதற்கு இந்த வழி உதவாது.

நான் பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை, கை கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்கவில்லை. இரண்டும் போனது. அடுத்த வருடம் அந்த டோர்னமென்டிலிருந்து எங்களுக்கு அழைப்பும் வரவில்லை. இத்தனைக்கும் எதிரணிப் பையன்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. வலையோரம் கையை நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள்.

"கை கொடுத்தா தோல்விய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா சார்?" என்று என் அணிப் பையன் ஒருவன் கேட்டான். ஆகாது. 2019 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியில் 50 ஓவரும் சமன், சூப்பர் ஓவரும் சமன். பவுண்டரி எண்ணிக்கையில் நியூசிலாந்து தோற்றது. வில்லியம்சன் அணி கை கொடுத்துவிட்டுத்தான் போனது. சில மாதங்களில் அந்த விதியையே ஐ.சி.சி. எடுத்துவிட்டது.

"லக்குதான் ஜெயிச்சீங்க"

வாயைத் திறக்காமல் கை கொடுத்தாலே போதும்.

ஜெயித்தவர்கள் குவியலாக விழுந்து கிடப்பது

முதலில் வலை. அப்புறம் ஆட்டம் பாட்டம்.

அவசரமாக மூட்டை கட்டுவது

கடைசி ஆள் கை கொடுத்து முடிக்கும் வரை யாரும் பையைத் தொடக் கூடாது. எங்கள் லிபரோ மட்டும் எப்போதும் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வரிசைக்கு வருவான்.